நெகட்டிவ் மார்க்: ஊகித்துப் போட்ட 44 கேள்விகளை விட்டிருக்க வேண்டுமா?

வைகை_நிலா
மதுரையில் இருந்து யுபிஎஸ்சி பிரிலிம்ஸுக்கு இரண்டாவது முறையாகத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எழுதிய மாக் டெஸ்டில் பொது அறிவுத் தாளில் 100-க்கு 88 கேள்விகள் போட்டேன். 52 சரி, 36 தப்பு. சரியானதற்கு 104 வந்து, தப்பானதற்கு 24 போய், கடைசியில் 80.

எங்கள் கோச்சிங் சென்டரில் விடைத்தாளைப் பார்த்த சார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "24 மார்க்கை நீயே தூக்கிக் கொடுத்திருக்கிறாய். ஊகித்ததை எல்லாம் விட்டிருந்தால் இந்நேரம் நூறைத் தாண்டியிருப்பாய்." அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ஊகிப்பதை நிறுத்திவிட வேண்டியதுதானா?

மூன்றாம்_முயற்சி
உங்கள் சார் சொல்வதுதான் சரி. 88-இல் 52 என்றால் துல்லியம் 59 சதவீதம். 70-க்குக் கீழே போனால் ஊகத்தைக் குறைக்க வேண்டும். நான் போன வருடம் 65 கேள்விகள் மட்டும் போட்டேன், துல்லியம் 74 வந்தது.

தேனி_குமரன்
டிஎன்பிஎஸ்சி பக்கம் வந்துவிடுங்கள் அக்கா, நெகட்டிவே கிடையாது. குரூப் 4-இல் 200 கேள்வி, ஒன்றுக்கு ஒன்றரை மார்க். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுவோம். அந்தப் பழக்கத்தோடு ஒருமுறை பிரிலிம்ஸ் எழுதி நூறையும் நிரப்பிவிட்டு வந்தேன். வந்த மார்க்கைச் சொல்ல மாட்டேன்.

பழைய_கணக்குப்பிள்ளை
நிலா, ஒரு சந்தேகம். ஊகித்ததை விட்டிருந்தால் நூறைத் தாண்டும் என்கிறாரே உங்கள் சார், அது எப்படி? ஊகித்த கேள்விகளை எடுத்தால் அதில் சரியாக வந்தவையும் சேர்ந்துதானே போகும்? தப்பை மட்டும் கழற்றிவிட்டுச் சரியை வைத்துக்கொள்ள, தேர்வு அறையில் விடைக்குறிப்பு கையில் இருக்க வேண்டும்.

கேள்வித்தாளில் எது உறுதி, எது ஊகம் என்று குறித்து வைத்தீர்களா? போடும்போதே குறித்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். விடையைப் பார்த்த பிறகு குறித்தது என்றால் வேண்டாம். சரியாக வந்ததெல்லாம் 'எனக்குத் தெரிந்ததுதான்' என்று தோன்றும், தப்பாகப் போனதெல்லாம் 'ஊகம்' பக்கம் சேரும். அந்தக் கணக்கில் ஊகம் எப்போதும் நஷ்டம்தான்.

வைகை_நிலா
போடும்போதே குறித்தேன் அண்ணா. கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு அடையாளம். உறுதியானதற்கு டிக். இரண்டு ஆப்ஷன் மிஞ்சினால் 2. ஒன்றை மட்டும் அடித்து மூன்று மிஞ்சினால் 3. ஒன்றுமே தெரியாமல் போட்டால் கேள்விக்குறி. இப்போது எண்ணிப் பார்த்தேன்:

டிக்: 44, அதில் 37 சரி, 7 தப்பு
2: 22, அதில் 11 சரி, 11 தப்பு
3: 13, அதில் 3 சரி, 10 தப்பு
கேள்விக்குறி: 9, அதில் 1 சரி, 8 தப்பு

பழைய_கணக்குப்பிள்ளை
இதுதான் வேண்டும். பாதி ஆட்கள் இதைச் செய்வதே இல்லை.

ஒரு கேள்வி சரியானால் 2, தப்பானால் அதில் மூன்றில் ஒரு பங்கு போகும், விட்டால் 0. ஆக மூன்று தப்பு சேர்ந்து ஒரு சரியைத் தின்னும். கால்குலேட்டரே வேண்டாம். ஒவ்வொரு குவியலிலும் சரியானதை மூன்றால் பெருக்குங்கள். தப்பின் எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குவியல் லாபம்.

2 போட்ட குவியலில் 11 சரி. 33 தப்பு வரை தாங்கும், உங்களுக்கு 11 தப்புதான். மார்க்காகப் பார்த்தால் 22 வந்து 7.33 போய், 14.67 லாபம். பாதிக்குப் பாதி தப்பாகியும் இவ்வளவு.

3 போட்ட குவியல்: 6 வந்து 6.67 போயிருக்கிறது. முக்கால் மார்க் கூட நஷ்டமில்லை.

கேள்விக்குறி: 2 வந்து 5.33 போயிருக்கிறது. 3.33 நஷ்டம்.

டிக் குவியல் மட்டும் 69.33. உங்கள் சார் சொன்னபடி 44 ஊகத்தையும் விட்டிருந்தால் கையில் நிற்பது அதுதான், நூறு இல்லை. ஊகம் உங்களுக்கு 10.67 சேர்த்துக் கொடுத்திருக்கிறது. அவர் 24 போனதைப் பார்த்தார். அந்த 24-இல் 4.67 நீங்கள் உறுதி என்று நினைத்துப் போட்ட கேள்விகளில் போனது. அதையும் ஊகத்தின் தலையில் கட்டிவிட்டார்.

மூன்றாம்_முயற்சி
அப்படியென்றால் 3-ஐயும் கேள்விக்குறியையும் விட்டிருந்தால் 84 வந்திருக்கும். நான் சொன்னது பாதியாவது சரிதானே? அந்த 22 கேள்விகளில் 18 தப்பு.

பழைய_கணக்குப்பிள்ளை
இந்த ஒரு தாளைப் பொறுத்தவரை 84, ஆமாம். ஆனால் அதை வைத்து அடுத்த தாளுக்கு விதி எழுதக் கூடாது. 3 குவியலில் இன்னும் ஒரே ஒரு கேள்வி சரியாகியிருந்தால்? 4 சரி, 9 தப்பு. 8 வந்து 6 போய், 2 மார்க் லாபம். ஒரு கேள்வி புரண்டால் 2.67 மாறுகிறது, நஷ்டம் லாபமாகிவிடுகிறது. ஒரு கேள்வியில் தலைகீழாகும் கணக்கை வைத்து வாழ்நாள் விரதமா எடுப்பது?

கேள்விக்குறிக் குவியலும் அப்படித்தான். நான்கு ஆப்ஷனில் கண்ணை மூடிப் போட்டால் ஒன்பதில் இரண்டு சொச்சம் சரியாக வர வேண்டும். ஒன்றோ அதற்கும் குறைவாகவோ வருவது பத்துத் தாளில் மூன்று தாளில் நடக்கும். அது திறமைக் குறைவு இல்லை, சும்மா அதிர்ஷ்டம் அடித்த பக்கம்.

உங்கள் 74 சதவீதத் துல்லியத்தைப் பற்றி: 65 போட்டு அதில் 48 சரி என்று வைத்துக்கொண்டால் 96 வந்து 11.33 போய் 84.67. நல்ல மார்க். ஆனால் விட்ட 35-இல் இரண்டு ஆப்ஷன் மிஞ்சிய கேள்விகள் எத்தனை இருந்தன? அவற்றைப் போட்டிருந்தால் துல்லியம் இறங்கியிருக்கும், மார்க் ஏறியிருக்கும். தரவரிசையில் மார்க்கைத்தான் பார்க்கிறார்கள், துல்லியத்தை யாரும் கேட்பதில்லை.

மூன்றாம்_முயற்சி
அந்த 35-இல் எதையும் நான் குறித்து வைக்கவில்லை. அதனால் பதில் தெரியாது. சரி, மேலே சொல்லுங்கள்.

நீட்_அப்பா
மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். என் மகள் நீட் எழுதுகிறாள். ஒரு தப்புக்கு 5 மார்க் போகிறது என்று அவள் டியூஷனில் சொல்கிறார்கள். அதனால் சந்தேகம் வந்தால் தொடவே கூடாது என்று நானும் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் இங்கே ஊகிக்கச் சொல்கிறீர்களே, பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?

பழைய_கணக்குப்பிள்ளை
ஐயா, அந்த 5 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சரியானால் 4, தப்பானால் ஒன்று குறையும். சரிக்கும் தப்புக்கும் இடையில் 5, வாஸ்தவம். ஆனால் மகள் அங்கே உட்கார்ந்து முடிவு செய்வது போடுவதா விடுவதா என்று. விட்டால் 0. ஆக அவள் பணயம் வைப்பது ஒரு மார்க், கிடைக்கக்கூடியது நான்கு. நான்கு தப்பு சேர்ந்தால்தான் ஒரு சரியைத் தின்னும். நீட்டில் நான்கு ஆப்ஷன்தான் என்பதால் ஒரு ஆப்ஷனை நம்பிக்கையோடு அடிக்க முடிந்தாலே போட வேண்டிய கேள்வி அது.

தெரிந்ததைத் தப்பாகப் போட்டுவிட்டு வந்தால், அப்போது 5 போய்விட்டது என்று திட்டலாம். ஊகத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

நீட்_அப்பா
அவளிடம் காட்டுகிறேன். ஆனாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

எழுத்து_சி
ஒன்று கேட்கிறேன். ஒன்றுமே தெரியாத கேள்விகளுக்கு எல்லாம் ஒரே எழுத்தைப் போட்டால் என்ன? என் சீனியர் ஒருவர் எல்லாவற்றுக்கும் சி போடுவார். ஏதோ தோன்றுகிறதே என்று போடும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம், கேள்வி எடுப்பவர் தோன்றும்படியாகத்தானே ஒரு தப்பான ஆப்ஷனை வைக்கிறார் என்பார்.

வைகை_நிலா
சும்மா பார்த்தேன். அந்த ஒன்பதுக்கும் சி போட்டிருந்தால் 3 சரி, 6 தப்பு. 6 வந்து 4 போய், 2 மார்க் லாபம். எனக்கு வந்ததோ 3.33 நஷ்டம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பழைய_கணக்குப்பிள்ளை
அதே ஒன்பதுக்கு ஏ போட்டுப் பாருங்கள், வேறு எண் வரும். ஒன்பது கேள்வியில் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த சீனியர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கண்ணை மூடிப் போட்டால் நான்கில் ஒன்று. பாதி கேள்விப்பட்ட பெயரைப் பார்த்து மனசு சாய்ந்து போட்டால் அதைவிடவும் குறையலாம். பத்துப் பதினைந்து மாக் டெஸ்டின் கேள்விக்குறிகளைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நான்கில் ஒன்றைவிடக் கீழே நின்றுகொண்டே இருந்தால், உங்கள் உள்ளுணர்வு உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இப்போது எனக்கு உண்மையில் உறுத்துவது 3 குவியல்தான். ஒரு வேலை செய்யுங்கள் நிலா. அந்த 13 கேள்விகளிலும் நீங்கள் அடித்துவிட்ட ஆப்ஷன் எது என்று கேள்வித்தாளில் கோடு இருக்கும். அவற்றில் எத்தனை கேள்விகளில் அடித்த ஆப்ஷனே சரியான விடையாக இருக்கிறது?

வைகை_நிலா
(ஒரு மணி நேரம் கழித்து)
5. ஐந்து கேள்விகளில் நான் அடித்ததுதான் விடை.

2 குவியலையும் பார்த்துவிட்டேன். 22-இல் 3 கேள்விகளில் அடித்த இரண்டில் ஒன்று விடை. மீதி 19-இல் 11 சரி.

பழைய_கணக்குப்பிள்ளை
அப்படிச் சொல்லுங்கள். 13-இல் 5 போனால் மிச்சம் 8. அந்த எட்டில்தான் விடை உங்கள் மூன்று ஆப்ஷனுக்குள் இருந்தது. அதில் 3 சரி. மூன்றில் ஒன்று என்று பார்த்தால் வர வேண்டியது கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக உங்கள் ஊகத்தில் ஒரு குறையும் இல்லை. அடித்ததில்தான் குறை. எதையும் யோசிக்காமல் ஏதோ ஒரு ஆப்ஷனை அடித்திருந்தாலே 13-இல் மூன்று கேள்விகளில்தான் விடையை அடித்திருப்பீர்கள். யோசித்து அடித்து ஐந்து ஆகியிருக்கிறது. பதின்மூன்று கேள்விதான், அதனால் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த ஐந்தையும் எந்த அடிப்படையில் அடித்தீர்கள் என்று திரும்பிப் பாருங்கள்.

வைகை_நிலா
பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. மூன்று கேள்விகளில் 'மட்டுமே', 'எல்லா', 'ஒருபோதும்' மாதிரி சொல் இருந்த ஸ்டேட்மென்டைத் தப்பு என்று எடுத்துக்கொண்டு அதை ஒட்டி அடித்திருக்கிறேன். வகுப்பில் சொல்லிக் கொடுத்த குறுக்குவழி. மற்ற இரண்டில் 'மூன்றும் சரி' என்ற ஆப்ஷனை 'இவ்வளவு எளிதாக இருக்காது' என்று அடித்திருக்கிறேன்.

மூன்றாம்_முயற்சி
'மட்டுமே' குறுக்குவழி எனக்கும் தெரியும், நானும் அடி வாங்கியிருக்கிறேன். சட்டப் பிரிவுகளில் 'மட்டுமே' வரும் வாக்கியம் நிறைய நிஜமாகவே சரி. பண மசோதாவை மக்களவையில் மட்டுமே அறிமுகப்படுத்தலாம் என்று ஒரு ஸ்டேட்மென்ட் வந்தால் அடிப்பீர்களா?

இன்னொன்று. 2023 தாளில் 'எத்தனை ஸ்டேட்மென்ட் சரி' என்ற வகை நிறைய வந்தது. அங்கே அடிப்பது என்ற வித்தையே வேலை செய்யாது.

தேனி_குமரன்
ஏன் செய்யாது? ஒரு ஸ்டேட்மென்ட் தப்பு என்று தெரிந்தால் போதுமே.

மூன்றாம்_முயற்சி
தம்பி, இப்படிப் பார். நர்மதை, தபதி, மகாநதி. எவை அரபிக்கடலில் கலக்கின்றன? உனக்கு மகாநதி வங்காள விரிகுடாவில் கலக்கும் என்று மட்டும் தெரியும், மற்ற இரண்டும் தெரியாது. பழைய மாதிரி ஆப்ஷன் என்றால் '1, 2 மட்டும்', '2, 3 மட்டும்', '1, 3 மட்டும்', 'மூன்றும்'. மூன்றாவது வரும் எல்லாவற்றையும் அடி, விடை கையில் நிற்கும். புது மாதிரியில் 'ஒன்று மட்டும்', 'இரண்டு மட்டும்', 'மூன்றும்', 'எதுவுமில்லை'. உனக்குத் தெரிந்ததை வைத்து 'மூன்றும்' என்பதை மட்டும் அடிக்கலாம். மூன்று மிஞ்சும். தெரிந்தது ஒன்றேதான், ஒரு தாளில் அது டிக் ஆகிறது, இன்னொரு தாளில் 3 ஆகிறது.

தேனி_குமரன்
இப்போது புரிகிறது. அந்த வருடம் பொதுப்பிரிவு கட் ஆஃப் 75.41-க்கு இறங்கியதும் இதனால்தானா?

மூன்றாம்_முயற்சி
ஒரு காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். முந்தைய வருடம் 88.22. ஆனால் கட் ஆஃப் இறங்க வேறு காரணங்களும் இருக்கலாம், கேள்விகளே கடினமாக இருந்தன.

பழைய_கணக்குப்பிள்ளை
இதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதனால் நிலா, 3 குவியலையும் இரண்டாகப் பிரியுங்கள். 'எத்தனை' வகைக் கேள்விகளுக்கு 3எ என்று குறியுங்கள். ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எது உதைக்கிறது என்று தெரியாது.

கணக்கு பார்க்கும் முன் இன்னொன்று. மாக் டெஸ்ட் விடைக்குறிப்பிலேயே தப்பு இருக்கும். இரண்டு மூன்று கேள்விகளில் சண்டை வராத மாக் டெஸ்ட் நான் பார்த்ததில்லை. சந்தேகமான கேள்விகளை எந்தக் குவியலிலும் சேர்க்காமல் தள்ளி வையுங்கள். சின்னக் குவியலில் ஒரு விடைக்குறிப்புப் பிழையே லாபத்தை நஷ்டமாக்கிவிடும்.

எழுத்து_சி
கேள்விக்குறி ஒன்பதைப் போடுவதா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லையே.

மூன்றாம்_முயற்சி
வேண்டாம். கணக்குப்படி லாபமுமில்லை நஷ்டமுமில்லை என்றால் எதற்கு நெஞ்சு படபடப்பு? அந்த நேரத்தில் 2 போட்ட கேள்விகளைத் திரும்பப் படிக்கலாம்.

பழைய_கணக்குப்பிள்ளை
எனக்கு அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை. நிலாவின் உறுதிக் குவியல் 69.33. கட் ஆஃப் 75-இலும் நிற்கிறது, 88-இலும் நிற்கிறது. உறுதியை மட்டும் வைத்துக்கொண்டு தாண்டவே முடியாத ஆளுக்கு, மார்க் மேலேயும் கீழேயும் ஆடுவது கெட்டதில்லை. 79-இல் தோற்பதும் 76-இல் தோற்பதும் ஒன்றுதான். ஆனால் கட் ஆஃபுக்கு மேலே வசதியாக இருப்பவர் எதற்கு அதை ஆட்டிப் பார்க்க வேண்டும்? சிக்கல் என்னவென்றால், நாம் எங்கே நிற்கிறோம் என்று அறையில் தெரியாது.

மூன்றாம்_முயற்சி
அதனால்தான் விடச் சொல்கிறேன்.

பழைய_கணக்குப்பிள்ளை
அதனால்தான் நான் போடச் சொல்வேன். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

நீட்_அப்பா
மகளிடம் காட்டினேன். 'இது எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா, நீங்கதான் தொடக்கூடாதுன்னீங்க' என்றாள்.

வைகை_நிலா
(இரண்டு வாரம் கழித்து)
அடுத்த மாக் டெஸ்ட் முடிந்தது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். 'மட்டுமே' பார்த்து அடிப்பதை நிறுத்திவிட்டேன். 3 குவியலில் 15 கேள்விகள், 6 சரி, 9 தப்பு. 12 வந்து 6 போய், 6 லாபம். அடித்த ஆப்ஷனே விடையாக இருந்தது இந்த முறை 2 கேள்விகளில்தான். அதிர்ஷ்டமும் இருக்கும், தெரியும் அண்ணா, 15-ஐ வைத்து ஆடவில்லை. நோட்டில் சேர்த்து எழுதிக்கொண்டே வருகிறேன்.

2 குவியலில் 18 போட்டு 8 சரி, 10 தப்பு. பாதிக்கும் கீழேதான், இருந்தும் 9.33 லாபம். கேள்விக்குறி ஒன்றும் போடவில்லை, இந்த முறை மூன்றாம் முயற்சி அண்ணன் பேச்சைக் கேட்டேன்.

ஆனால் டிக் குவியலில் 46 போட்டு 9 தப்பு. போன முறை 7.

பழைய_கணக்குப்பிள்ளை
அந்த 9 என்ன?

வைகை_நிலா
இரண்டு புள்ளிவிவரம் தப்பாக ஞாபகம் இருந்தது. மூன்று நிஜமாகவே தப்பாகப் படித்து வைத்திருந்த பாடம். மீதி நான்கில் கேள்வி 'எது சரியல்ல' என்று கேட்கிறது, நான் சரியானதைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நீட்_அப்பா
இதற்குத்தானே அந்த 5 மார்க் கணக்கு?

பழைய_கணக்குப்பிள்ளை
இதற்கேதான் ஐயா. உங்கள் தேர்வில் 5, இவருடையதில் 2.67. நான்கு கேள்விக்கு 10.67. போன முறை 44 ஊகமும் சேர்ந்து சம்பாதித்துக் கொடுத்தது அவ்வளவுதான்.

வைகை_நிலா
அடுத்த தாளில் 'அல்ல' என்று வரும் இடத்தில் எல்லாம் முதலில் வட்டம் போட்டுவிட்டுத்தான் ஆப்ஷனைப் படிப்பேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.